என் பதினொரு வருஷப் போனஸ்

எனக்கு நகை சேர்க்கத் தெரியாது, காணி வாங்கத் தெரியாது. சீட்டுக் கட்டினால் சீட்டுக்காரி ஓடிவிடுவாள். அப்படிப்பட்ட நான் கட்டிக் காத்த ஒரே சொத்து என் காரின் நோ கிளெய்ம் போனஸ். ஒரு வருஷம் முழுக்கக் காப்புறுதிக் கம்பனியிடம் ஒரு சதமும் கேட்காமல் ஓட்டினால் அடுத்த வருஷக் கட்டணத்தில் கொஞ்சம் கழிப்பார்கள். அடுத்த வருஷமும் கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம். அப்படியே ஏறி ஏறி, என் கம்பனியின் உச்சமான அறுபத்தைந்து வீதத்தில் போய் நின்றது. பதினொரு வருஷம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பது சும்மா விஷயமில்லை. ஒருமுறை பாமன்கடைச் சந்தியில் ஒரு த்ரீவீல் என் காரின் இடப்பக்கக் கதவை முழுநீளத்துக்கு உரசிவிட்டுப் போனது. கம்பனிக்குச் சொல்லியிருந்தால் திருத்தித் தந்திருப்பார்கள், போனஸ் போயிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு இரத்மலானையில் ஒரு கராஜ் பாஸிடம் கொண்டுபோய், தட்டி, நிறமடித்து, கைக்காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். "உமக்குக் காரில பாசமோ போனஸில பாசமோ?" என்று என் கணவர் கேட்டார். போனஸில்தான் என்றேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பெற்றோல் வரிசைக் காலத்தில் அந்தக் காரை விற்றோம். இரண்டு நாள் வரிசையில் நின்று கால் வீங்கிய பிறகு, "இது வேண்டாமப்பா, ஆருக்கும் குடுத்துத் துலைப்பம்" என்று சொன்னது நான்தான். வாங்கியவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் என் கணவரோடு முப்பது வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டுப் புரூடர் கேக் வராமல் எங்களுக்குத் தைப்பொங்கல் வந்ததில்லை.

காசு முழுவதையும் ஒரே தடவையில் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டு, வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, பேர் மாத்துறத கொஞ்ச நாளைக்கு விட்டுவைப்போம். ஓப்பின் பேப்பரா சைன் வச்சுத் தாங்க. பேர் மாத்துனா இன்ஷுரன்ஸும் என் பேருக்கு வரும், நான் சீரோவுல இருந்து தொடங்கணும். உங்க பேருல இருந்தா அறுபத்தஞ்சு வீதம் கழியுது. காசு நான்தானே கட்டப்போறேன்."

ஓப்பின் பேப்பர் என்றால், விற்பவர் பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வைத்துத் திகதி போடாமல் கொடுத்துவிடுவது. கார் ஒருவரிடம், பதிவுப் புத்தகம் இன்னொருவர் பெயரில். சட்டத்துக்குச் சரியில்லை, ஆனால் இந்த ஊரில் செய்யாதவர் யார்? நான் கொஞ்சம் முகத்தைச் சுளித்தேன். "முப்பது வருஷப் பழக்கம், குறை நினைப்பான், வையும்" என்று கணவர் சொன்னார். வைத்தேன். அண்ணன் நீட்டிய தாள்கள் எல்லாவற்றிலும் வைத்தேன். எத்தனை தாள், என்ன தாள் என்று வாசிக்கவில்லை. கம்பனியில் இருந்த என் தொலைபேசி இலக்கத்தையும் அவருடையதாக மாற்றிக்கொடுத்தேன், அடிக்கடி செய்தி வந்து என் தலையைத் தின்னாமல் இருக்கட்டும் என்று. புத்தி கெட்டவள்.

அதன் பிறகு இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. போன வருஷம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போக வேண்டும். த்ரீவீலில் ஏறக் கால் மடங்காது. அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தக் காரைக் கொண்டுவந்து, அவரைத் தாங்கி ஏற்றி, காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். பெற்றோல் காசு கொடுத்தால் வாங்கமாட்டார்.

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. "கார் சேர்விஸுக்கு விட்டிருக்கிறானாம்" என்றார் கணவர். ஒரு மாதமாகியும் சேர்விஸ் முடியவில்லை. த்ரீவீலில் ஏற்றி இறக்கும்போது என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. என் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பழைய சின்னக் கார் வாங்குவதென்று முடிவெடுத்தேன். ஹெவ்லொக் டவுனில் ஓர் ஓய்வுபெற்ற ரீச்சர் தன் காரை விற்கிறார் என்று அறிந்து போய்ப் பார்த்தேன். கார் நல்ல கார். விலையைப் பேசி முடித்தேன். காப்புறுதிக்கு என்று தனியே எழுபதினாயிரம் ஒதுக்கிவைத்தேன், என் போனஸை நம்பி. அது அண்ணனின் காரில் ஓடினாலும் என் பெயரில்தானே இருக்கிறது என்ற நினைப்பு.

காப்புறுதிக் கம்பனியின் கிளை காலி வீதியில் எங்கள் வீட்டுக்கு நடைதூரம். கவுண்டரில் ஒரு சின்னப் பிள்ளை, நல்ல தமிழ்ப் பிள்ளை. அவளிடம் ரீச்சரின் புதுப்பித்தல் கடிதத்தின் பிரதியை நீட்டினேன். அதில் ரீச்சருக்கு எழுபது வீதப் போனஸ் என்று இருந்தது.

"எழுபது எண்டால் இந்தக் கார் ஒருநாளும் அடிபடேல்லைத்தானே பிள்ளை?"

அவள் சிரித்தாள். "இல்ல அன்ரி. போனஸ் ஆளுக்குத்தான், காருக்கு இல்ல. அவ முந்தி வேற கார் வச்சிருந்து, அந்தப் போனஸை இதுக்குக் கொண்டுவந்திருக்கலாம். இல்லாட்டி அடிபட்டும், போனஸ் போகுமெண்டு கைக்காசுல திருத்தியிருக்கலாம். காரைப் பத்தித் தெரியவேணுமெண்டா, இந்தக் காருக்கு என்னென்ன கிளெய்ம் எடுத்ததெண்டு அவட கம்பனியில எழுத்தில கேக்கச் சொல்லுங்க. ஓனர் கேட்டாத்தான் குடுப்பாங்க. அதோட கராஜ் ஆளையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்க."

பாமன்கடையில் உரசிய கதவு எனக்கு ஞாபகம் வந்தது. என் பதினொரு வருஷச் சுத்தமான கடதாசிக்குள்ளும் ஒரு கதவு ஒளிந்துதானே இருந்தது! சரி என்றேன்.

"அவட எழுபது வீதமும் எனக்கு வராது?"

"வராது அன்ரி. அது அவவோட போயிடும். உங்கட பேர்ல போனஸ் இருந்தாச் சொல்லுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். முதலில் போனஸ் இல்லாமல் கணக்குப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பதினாயிரம். அறுபத்தைந்து வீதம் கழித்தால் அறுபத்தொன்று சொச்சம். கலவரம், பயங்கரவாதம் என்று சேர்க்கும் பகுதிக்குக் கழிவு கிடையாது, அதனால்தான் முழுக்க அறுபத்தைந்து வீதம் குறையாது என்று விளக்கினாள். அப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய எண்பதினாயிரம் மிச்சம். எனக்கு வாயெல்லாம் பல்.

பிறகு அவள் கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்ரி, இந்தப் போனஸ் இப்ப பாவனையில இருக்கு. உங்கட பழைய கார்ல. ஒரு போனஸை ஒரு நேரத்தில ஒரு வாகனத்துக்குத்தான் பாவிக்கலாம். மத்தது... போன மாசம் அந்தக் காருக்கு ஒரு கிளெய்ம் போட்டிருக்கிறீங்கதானே? முன்பக்கம் முழுக்க. மூண்டு லட்சத்து எழுபது. இன்னும் காசு குடுக்கேல்ல. குடுத்தா உங்கட அறுபத்தஞ்சு பூச்சியமாகும்."

"நானோ? நான் எங்க போட்டனான்?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். கிளெய்ம் படிவம். கீழே என் கையெழுத்து. வளைந்து, வாலை நீட்டி, என்னுடையதேதான். சாப்பாட்டு மேசையில் வாசிக்காமல் வைத்த தாள்களில் ஒன்று வெறும் கிளெய்ம் படிவம். எப்போதாவது தேவைப்படும் என்று அண்ணன் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"அன்ரி, அந்தக் கார் உங்களிட்டத்தானே இருக்கு?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்ப காசு வாங்க முந்தி ஒரு பத்திரத்தில சைன் வைக்கோணும். வாகனம் என்ர சொந்தமெண்டு. வியாழக்கிழமைக்குள்ள வாங்க."

வீட்டுக்கு வந்து கத்தினேன். அடுக்குமாடியில் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஆரைக் கேட்டு அந்த மனிசன் என்ர பேரில கிளெய்ம் போட்டவர்? உங்கட சிநேகிதம் எண்டு ஒரு சிநேகிதம்! கள்ளன்!"

என் கணவர் கைத்தடியைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தார். நான் மூச்சு வாங்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "அவன் என்னை ஏத்தத்தான் வந்துகொண்டிருந்தவன்."

"என்னது?"

"அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. பிந்திப்போச்சுதெண்டு நான்தான் கோல் எடுத்து அவசரப்படுத்தினனான். ஆமர் வீதியில தள்ளுவண்டிக்காரனுக்கு விலத்தப்போய் லொறிக்குப் பின்னால அடிச்சுப்போட்டான். ஆருக்கும் காயமில்லை. நீர் ஏசுவீர் எண்டுதான் சேர்விஸ் எண்டு சொன்னனான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஏசுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்தக் கார் வராததால்தான் நான் இன்னொரு கார் வாங்கப் போனேன். அது வராமல் போனதும் எங்களால்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகமே எனக்கு முன்னால் வந்து நின்றது.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்புறம், ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம் என்கிற ஒழுங்கையில் அவர் வீடு. அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்தவர் உட்காரவேயில்லை.

"சொல்லாமப் போட்டது தப்புதான் தங்கச்சி. கராஜ்காரன் காசு வைக்காம காரை விடமாட்டேங்கிறான். என் பென்ஷனுக்கு மூணு லட்சத்து எழுபதாயிரத்துக்கு எங்க போவேன்? அந்த ஒரு சைன் மட்டும் வச்சுக் குடுங்க. அப்புறம் மறுநாளே பேர் மாத்திக்கிறேன்."

"போனஸ் போகுது அண்ணன்."

"போகுதுதான்" என்றார். அவருடைய கண்கள் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் அழுதால் அவரோடு சண்டை பிடிக்க முடியாது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பொய்ப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் போனஸ் போகும், அண்ணன் தப்புவார். உண்மையைச் சொன்னால்? கார் விற்றாகிவிட்டது, கிளெய்ம் செல்லாது, அண்ணன் மாட்டுவார், என் போனஸாவது மிஞ்சுமா? கிளைக்குத் தொலைபேசி எடுத்து, யாரோ ஒரு சிநேகிதிக்காகக் கேட்பதுபோல அந்தப் பிள்ளையிடமே கேட்டேன்.

"காரை வித்த நாளில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போனஸை வேற கார்ல போடோணும் அன்ரி. எங்கட கம்பனியில அப்படித்தான். அதுக்குப் பிறகு செல்லாது."

விற்று மூன்று வருஷம். அண்ணனின் பொய்யில் மட்டும்தான் என் போனஸ் இவ்வளவு நாளும் உயிரோடு இருந்திருக்கிறது. உண்மைக் கணக்கில் அது எப்போதோ செத்துவிட்டது. எலிப்பொறிக்குள் அகப்பட்ட எலிக்காவது வாயில் ஒரு தேங்காய்ச் சொட்டு இருக்கும், எனக்கு அதுவும் இல்லை.

புதன்கிழமை ரீச்சரிடம் போனேன். காப்புறுதிக்கு இனி ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் வேண்டும், விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்க. தேத்தண்ணி தந்தார். மகளிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர், எல்லாவற்றையும் நேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தார். நான் வாயைத் திறக்க முன்னரே ஒரு நீலக் கோவையை மேசையில் வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ, ஏன் நீங்கள் வீணாச் சிலவழிக்கப் போறியள்? பேரை இப்ப மாத்தாதேங்கோ. என்ர பேரிலயே இன்ஷுரன்ஸ் கிடக்கட்டும், எனக்கு எழுபது வீதம் கழியுது. நான் இனி இஞ்ச கார் ஓடப்போறனே? எல்லாத்திலயும் சைன் வச்சுத் தந்திருக்கிறன். ஏதும் அடிபட்டால் எண்டு கிளெய்ம் போமும் உள்ள இருக்கு."

கோவையைத் திறந்தேன். மேலே பெயர் மாற்றும் படிவம், திகதி இல்லை. அதற்கு அடியில் வெறும் கிளெய்ம் படிவம். கீழே ரீச்சரின் கையெழுத்து, உருண்டை உருண்டையாக, கரும்பலகையில் எழுதியதுபோல. கையை நீட்டினால் போதும், எண்பதினாயிரத்துக்கு மேல் மிச்சம், வருஷா வருஷம். நான் உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு ஆசை வந்தது. நல்ல ஆசை வந்தது. அந்தத் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு, மெல்பேர்னில் இருக்கும் ரீச்சருக்கு ஒருநாள் யாரோ தொலைபேசி எடுத்து, "மிஸ், அந்தக் கார் உங்களிட்டத்தானே?" என்று கேட்பது என் காதில் கேட்டது.

"இதைக் கிழியுங்கோ ரீச்சர்" என்றேன்.

"என்ன?"

"உங்கட கையாலயே கிழியுங்கோ. உங்கட போனஸை ஒருத்தருக்கும் குடாதேங்கோ. விக்கிற அண்டைக்கே பேரை மாத்தி, போனஸுக்குக் கம்பனியில கடிதம் எடுத்து வச்சிருங்கோ. திரும்பி வந்தால் உதவும்." பாவம், நான் கார் வாங்க வந்தேனா சண்டைக்கு வந்தேனா என்று தெரியாமல் அவர் என்னையே பார்த்தார்.

வியாழக்கிழமை கிளைக்குப் போனேன். பத்திரத்தையும் பேனாவையும் அந்தப் பிள்ளை வைத்தாள். பேனாவைத் தள்ளிவிட்டு, "அந்தக் கார் என்ர இல்லை. மூண்டு வருஷத்துக்கு முன்னமே வித்துப்போட்டன். அண்டைக்குப் பொய் சொன்னனான்" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் மனேஜரைக் கூட்டிவந்தாள். நான் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். கிளெய்மை நிராகரித்தார்கள். காப்புறுதியை ரத்துச் செய்தார்கள். விற்ற திகதியைப் பார்த்து மனேஜர், "போனஸும் காலாவதி" என்றார். அவருக்கு அது ஒரு வரி. எனக்குப் பதினொரு வருஷம்.

கணவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான்தான் கதைத்தேன். "கராஜ் சிலவில அரைவாசியை நாங்கள் குடுப்பம். எங்களுக்காகத்தானே ஓடி வந்தவர்." அவர் தலையை ஆட்டினார். அந்த அரைவாசியைக் கொடுத்ததும் ரீச்சரின் காருக்குக் காசு போதவில்லை. அதை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் மீதியைக் கடன்பட்டுக் கட்டி, காரை எடுத்து, பெயர் மாற்றி, தன் பெயரில் காப்புறுதி போட்டார். பூச்சிய வீதத்தில்.

இப்போது மறுபடி செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். முன்னைப்போலக் கதை இல்லை, ஆனால் வருகிறார். கணவர் முன்னால், நான் பின்னால், என்னுடைய காராக இருந்த காரில். போன செவ்வாய் தெமட்டகொடையில் ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. அண்ணன் ஒதுக்கி நிறுத்தி, பெருமூச்சு விட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த வருஷம் ஒண்ணும் ஆகாம ஓட்டினா, அடுத்த வருஷம் கொஞ்சம் கழிப்பாங்களாமே?"

"ஓம் அண்ணன், கழிப்பினம். பாத்து ஓடுங்கோ" என்றேன்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் முன்சீற்றுக்குக் கீழே நீண்டு, கால்மிதியை முழுப்பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை. பஸ் போன பிறகும் காலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.